மாறிய தலைப்புக்கு முதற்பக்கமே சாட்சி



செயற்திட்டம் செய்து முடித்த மாணவரிடம் வாய்மொழிப் பரீட்சையில் அநேகமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "நீங்கள் முதலில் கொடுத்த தலைப்பு வேறு, இப்போது கொண்டுவந்திருக்கும் தலைப்பு வேறு. ஏன் மாற்றினீர்கள்?" இதற்கு மாணவர்கள் சொல்லும் பதில்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தரவு கிடைக்கவில்லை, நேரம் போதவில்லை, சேர் சொன்னார், தலைப்பு மிகவும் பரந்ததாக இருந்தது. இவை பொய் என்று நான் சொல்லவில்லை. பல வேளைகளில் முழு உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சரிபார்க்கப் பரீட்சகருக்கு ஒரு வழியும் இல்லை. உண்மையாகவே தரவு கிடைக்காமல் போன மாணவியும், சோம்பலால் இலகுவான தலைப்புக்குத் தாவிய மாணவனும் அந்த மேசையின் முன்னே ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

அந்த இருவரையும் பிரித்துக் காட்டக்கூடியது முதல் எண்ணம் தோன்றிய நாளிலிருந்து எழுதப்பட்ட குறிப்பேடு ஒன்றுதான். இன்றைய சொற்பொழிவில் அதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பொதுவாகப் பேசினால் விளங்காது என்பதால், இந்த ஊரின் பிங்கா ஓயாவை எடுத்துக்கொள்கிறேன். அக்குறணைப் பக்கமிருந்து ஓடிவந்து கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு கலக்கும் அந்த ஓடையை உங்களில் பலர் நாள்தோறும் கடக்கிறீர்கள். கன மழை பெய்தால் அக்குறணை நகருக்குள் அது புகுந்துவிடுவதையும் அறிவீர்கள்.

ஒரு மாணவியை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவள் நான் கற்பித்துக்கொண்ட பாத்திரம். அவளுடைய அளவீடுகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் அவளுக்கு நேரும் இடர்ப்பாடுகள் எல்லாம் இந்த ஊரில் இப்படியொரு வேலையை எடுத்துக்கொள்ளும் எவருக்கும் நேரக்கூடியவை.

தரம் 12இல் படிக்கும் அவள் செப்டெம்பர் 20ஆம் திகதி ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கிப் பக்கங்களுக்கெல்லாம் முதலில் இலக்கமிடுகிறாள். இது சிறிய வேலைதான், ஆனால் முக்கியமானது. இலக்கமிட்ட கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும், ஒரு தாளைச் செருகினாலும் தெரிந்துவிடும். பிறகு முதற்பக்கத்தில் எழுதுகிறாள்: "பிங்கா ஓயா மாசடைந்திருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறேன். அம்மம்மா சின்ன வயதில் இதில் குளித்ததாகச் சொல்வார். இப்போது யாரும் இறங்குவதில்லை. நகரத்துக்குள் வர வர நைத்திரேற்று கூடும் என்று நினைக்கிறேன். மேலே ஒரு இடம், கடைத்தெருவுக்கு அருகே ஒரு இடம், மகாவலியில் கலக்கும் முகத்தில் ஒரு இடம் என்று மூன்று இடங்களில் அளக்கலாம். மூன்று இடத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் இந்த வழி சரிவராது."

இந்தப் பக்கத்தில் நான்கு விடயங்கள் இருக்கின்றன. எதை அறிய விரும்புகிறாள், ஏன் விரும்புகிறாள், என்ன விடை வரும் என்று எதிர்பார்க்கிறாள், எது நடந்தால் இதைக் கைவிடுவாள். முதல் இரண்டையும் எல்லா மாணவர்களும் எழுதுவார்கள். மூன்றாவதையும் நான்காவதையும் எழுதுபவர்கள் மிகக் குறைவு. பின்னால் தலைப்பு மாறும்போது கைகொடுப்பவை அந்த இரண்டும்தான். எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்தவரால் மட்டுமே "நான் நினைத்தது நடக்கவில்லை" என்று ஆதாரத்தோடு சொல்ல முடியும். எழுதாதவர் என்ன விடை வந்தாலும் அதைத்தான் முதலிலிருந்தே எதிர்பார்த்ததாகத் தம்மையே நம்பவைத்துக்கொள்வார். மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. இதில் வஞ்சகம் எதுவும் இல்லை.

செப்டெம்பர் 28ஆம் திகதி ஓடைக்குப் போகிறாள். கையில் இருப்பது நைத்திரேற்றுச் சோதனைப் பட்டி. நீரில் தோய்த்து எடுத்து, சொல்லப்பட்ட நேரம் பொறுத்து, போத்தலில் ஒட்டியிருக்கும் நிறச்சட்டத்தோடு ஒப்பிட வேண்டும். நிறங்கள் 0, 10, 25, 50 என்று படிப்படியாகப் போகும். இலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பொருள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 50. மூன்று இடங்களிலும் பட்டியின் நிறம் 0க்கும் 10க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அவள் எழுதுகிறாள்: "மூன்றும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. நிழலில் வைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்தும் பார்த்தேன். பட்டியின் முதற்படியே 10. அதற்குக் கீழே இருக்கும் வித்தியாசத்தை இந்தப் பட்டி காட்டாது." ஒக்டோபர் 5ஆம் திகதி திரும்பவும் போகிறாள். அதே கதை.

அவள் எழுதிய வசனத்தைக் கவனியுங்கள். "நைத்திரேற்று இல்லை" என்று அவள் எழுதவில்லை. "இந்தப் பட்டி காட்டாது" என்று எழுதினாள். இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியிருந்தால் முதல் வசனம்தான் வந்திருக்கும். அறிக்கையிலும் "பிங்கா ஓயாவில் நைத்திரேற்று மாசு இல்லை" என்ற தவறான முடிவு ஏறியிருக்கும். கருவியின் எல்லை வேறு, ஓடையின் நிலை வேறு. அளந்த இடத்திலேயே, அளந்த நாளிலேயே எழுதினால்தான் அந்த வேறுபாடு தப்பிப் பிழைக்கும்.

ஒக்டோபர் 5இன் குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஆசிரியர் கொடுத்த ஒளி ஊடுருவும் குழாயையும் அவள் கொண்டுபோயிருந்தாள். 60 சென்ரிமீற்றர் நீளமான தெளிந்த பிளாஸ்டிக் குழாய், அடியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய வட்டம், பக்கத்தில் அளவுக்கோடுகள். நீரை நிரப்பி, மேலிருந்து பார்த்தபடி, அடியிலுள்ள வட்டம் தெரியத் தொடங்கும்வரை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற வேண்டும். எத்தனை சென்ரிமீற்றரில் தெரிகிறதோ அது நீரின் தெளிவு. அன்று கடைத்தெருவுக்கு அருகே 48. முக்கியமானதாக அவள் அதைக் கருதவில்லை. கொண்டுபோனதால் அளந்தாள், அளந்ததால் எழுதினாள்.

ஒக்டோபர் 11 மாலை இடியுடன் மழை. பருவப்பெயர்ச்சி மாறும் அந்த மாதங்களில் கண்டியில் பிற்பகல் மழை வழக்கமானதுதான். மறுநாள் காலை அவள் போனபோது ஓடை செம்மண் நிறத்தில் ஓடுகிறது. அதே இடத்தில் குழாய் 9 காட்டுகிறது. 13ஆம் திகதி 21. 14ஆம் திகதி 40. நைத்திரேற்றுப் பட்டி அந்த மூன்று நாட்களிலும் அசையவில்லை. குழாயோ ஒவ்வொரு நாளும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது இடத்தைப் பற்றியும் அவளுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. மகாவலியில் கலக்கும் முகத்தில் நீர் ஓடவில்லை, தேங்கி நிற்கிறது. காரணம் கீழே இருக்கும் பொல்கொல்ல அணைக்கட்டு. 1976இல் இயங்கத் தொடங்கிய அந்த அணைக்கட்டு மகாவலி நீரை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. அந்தத் தேக்கத்தின் விளைவு மேலே கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் எட்டுகிறது. தேங்கிய நீரில் மண் தானாகவே அடியில் படியும். அங்கே தெளிவை அளந்தால் கிடைப்பது பிங்கா ஓயாவின் கணக்காக இராது. அவள் எழுதுகிறாள்: "இடம் 3ஐ விடுகிறேன். அது ஓடை இல்லை, தேக்கம்." விட்டதற்கான காரணம் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால், பிடிக்காத அளவீடுகளை மாணவி மறைத்துவிட்டாள் என்று பரீட்சகர் நினைப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு.

ஒக்டோபர் 15ஆம் திகதி அவள் தலைப்பை மாற்றுகிறாள். அந்தப் பக்கத்தை முழுவதுமாக வாசிக்கிறேன், ஏனென்றால் இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

"பழைய கேள்வி: பிங்கா ஓயா நகரத்துக்குள் வர வர மாசடைகிறதா? கண்டது: பட்டியால் வித்தியாசம் காட்ட முடியவில்லை (பக். 4, 6). முதற்பக்கத்தில் நானே எழுதிய நிபந்தனை இது. யோசித்த வழிகள்: ஒன்று, ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புவது, செலவு கூட, ஒவ்வொரு கிழமையும் செய்ய முடியாது. இரண்டு, உயிரியல் ஒட்சிசன் தேவையை அளப்பது. 20 பாகை செல்சியஸில் ஐந்து நாள் வைத்திருக்க வேண்டும், அதற்கான அடைகாப்புப் பெட்டி எங்கள் பாடசாலையில் இல்லை. மூன்று, குழாயை வைத்துத் தெளிவை மட்டும் அளப்பது. மூன்றாவதை எடுக்கிறேன். புதிய கேள்வி: மழைக்குப் பின் பிங்கா ஓயா தெளிய எவ்வளவு நேரம் எடுக்கிறது? கொண்டுபோவது: இடம் 1, இடம் 2, குழாய். விடுவது: பட்டி, இடம் 3. புதிய அளவீடுகள் நாளை, 16ஆம் திகதி முதல்."

அதன் கீழே மேற்பார்வையாசிரியரின் கையொப்பம், அதே திகதியோடு.

இந்தப் பக்கத்தின் கடைசி வரியில்தான் என் மனம் அதிகம் நிற்கிறது. 12, 13, 14ஆம் திகதி அளவீடுகளைப் பார்த்துத்தான் அவளுக்குப் புதிய கேள்வியே தோன்றியது. அப்படியானால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அதே மூன்று அளவீடுகளைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. ஒரு விடயத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு, அதே விடயத்தைக் காட்டி "பார்த்தீர்களா, சரியாக வந்தது" என்று சொல்வது சோதனை ஆகாது. கேள்வியைத் தந்த தரவு ஒரு பக்கம், கேள்வியைச் சோதிக்கும் தரவு மறுபக்கம். நடுவில் திகதியோடு ஒரு கோடு இருக்க வேண்டும். குறிப்பேடு இல்லாத மாணவரால் அந்தக் கோட்டைப் பிறகு எவ்வளவு முயன்றாலும் கீற முடியாது, எது முதலில் வந்தது என்பது அவருக்கே தெரியாது. தலைப்பு மாற்றத்தை நியாயப்படுத்துவது என்றால் காரணம் சொல்வது மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மாற்றத்துக்குப் பின் என்ன செய்தீர்கள் என்பது அதைவிடக் கடினமான கேள்வி.

புதிய தலைப்பிலும் அவளுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையம் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். இந்த ஊர் மாணவர்களுக்கு அது பெரிய வசதி. அந்த மழைவீழ்ச்சிக் கணக்கை அவள் பயன்படுத்துகிறாள். ஆனால் இலங்கையில் நாளாந்த மழைவீழ்ச்சி காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணித்தியாலத்துக்கே கணக்கிடப்படுகிறது. 11ஆம் திகதி மாலை பெய்த மழை 12ஆம் திகதி காலை 8.30க்கு வாசிக்கப்படும். கையில் கிடைக்கும் அட்டவணையில் அந்த எண் எந்தத் திகதிக்கு நேரே இருக்கிறது என்று பார்க்காமல் தன் அளவீடுகளோடு பொருத்தினால், மழை பெய்யும் முன்பே ஓடை கலங்கியதாகவோ, ஒரு நாள் பிந்திக் கலங்கியதாகவோ வரைபு காட்டும். அவள் தப்புவது ஒரே காரணத்தால். குறிப்பேட்டில் 11ஆம் திகதி "மாலை 4.40க்குத் தொடங்கி 6 மணி வரை மழை" என்று வீட்டிலிருந்தே எழுதியிருந்தாள். வீட்டுக் குறிப்பையும் நிலையத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்தபோது பொருத்தம் பிடிபட்டது. திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அக்குறணையில் பெய்து கட்டுகஸ்தோட்டையில் பெய்யாத மழையும் உண்டு. அதற்கு அவள் மேலே ஒரு உறவினர் வீட்டில் போத்தலை வெட்டிச் செய்த மழைமானியை வைக்கிறாள். அதையும் வைத்த நாளோடு எழுதுகிறாள். அதற்கு மேல் அந்தக் கதைக்குள் நான் போகவில்லை.

இனி, ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு விடயம். பிள்ளைகள் கடைசிக் கிழமையில் உட்கார்ந்து முழுக் குறிப்பேட்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள், கண்டுபிடிப்பது எப்படி? கண்டுபிடிக்க முடியும். ஒரே பேனை, ஒரே அழுத்தம், ஒரே அளவு இடைவெளி என்பவை மேலோட்டமான அடையாளங்கள். பல பிள்ளைகள் பேனையை மாற்றி எழுதும் அளவுக்குக் கெட்டிக்காரர்கள். உண்மையான அடையாளம் உள்ளடக்கத்தில் இருக்கிறது. பின்னோக்கி எழுதிய குறிப்புக்கு எதிர்காலம் தெரியும். செப்டெம்பர் மாதக் குறிப்பில் நவம்பரில் மட்டுமே தெரியக்கூடிய ஒன்று தலைகாட்டும். ஒவ்வொரு நாளும் கடைசித் தலைப்பை நோக்கியே நடக்கும். வழிதவறிய நாள் ஒன்றுகூட இராது. யாரையோ சந்திக்கப் போய்ச் சந்திக்காமல் திரும்பியது, வாங்கிய பொருள் வேலை செய்யாதது, எழுதிவிட்டு வெட்டிய வரி, விடை கிடைக்காமல் அப்படியே நின்றுபோன சந்தேகம், இவை எதுவும் இராது. நம் மாணவியின் கொப்பியில் ஒக்டோபர் 5ஆம் திகதியில் நிற்கும் அந்த 48ஐ எண்ணிப்பாருங்கள். அந்த நாளில் அதற்கு ஒரு பயனும் இல்லை. அதை எழுதியது பயன் கருதியும் அல்ல. பிந்தி எழுதுபவர் அதை எழுதவே மாட்டார். எழுதினால், எதற்கு எழுதினேன் என்ற விளக்கத்தையும் சேர்த்தே எழுதிவிடுவார்.

கேள்வியைத் தந்த தரவுக்கும் அதைச் சோதிக்கும் தரவுக்கும் நடுவே ஒரு கோடு வேண்டும் என்றேன். அறிவியல் வரலாற்றிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொன்னால் அந்தக் கோடு இன்னும் தெளிவாகும். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற 24 வயது ஆராய்ச்சி மாணவி அன்ரனி ஹியூவிஷ் என்பவரின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைப்பு குவேசார்கள். சூரியனிலிருந்து வீசும் துணிக்கைக் காற்றின் வழியே வரும்போது வானொலி முதல்கள் மினுக்கும். அந்த மினுக்கத்தை வைத்து அவற்றின் கோண அளவைக் காண்பது வேலை. அதற்காக நாலு ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் 2048 இருமுனைகளைக் கொண்ட வானொலித் தொலைநோக்கி கட்டப்பட்டது. பெல்லும் அதன் கட்டுமானத்தில் கைகொடுத்தவர். அந்த யூலையில் இயங்கத் தொடங்கிய அது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான வரைபுத் தாளை வெளியே தள்ளியது. கணினி பார்க்கவில்லை, பெல்லின் கண்தான் பார்த்தது.

ஓகஸ்ட் மாதத் தாளில் ஒரு இடத்தில் கால் அங்குல அளவில் ஒரு கிறுக்கல் தெரிந்தது. மினுக்கும் முதல் மாதிரியும் இல்லை, மனிதர் எழுப்பும் இடையூறு மாதிரியும் இல்லை. அதைக் குறித்து வைத்தார். பின்னர் பழைய தாள்களோடு ஒப்பிட்டபோது வானத்தின் அதே பகுதியில் அது முன்னும் வந்திருப்பது தெரிந்தது. அது வந்த நேரங்கள் நட்சத்திர நாளைப் பின்பற்றின. நட்சத்திர நாள் நம் கடிகார நாளைவிட ஏறத்தாழ நாலு நிமிடம் குறைவு. ஊரிலுள்ள மோட்டார் வாகனமோ இயந்திரமோ என்றால் நம் கடிகாரத்தின்படி நடக்கும். ஒவ்வொரு நாளும் நாலு நிமிடம் முந்தி வருவது வானத்திலிருந்து வருவதாகவே இருக்க முடியும். இந்த முடிவுக்கு வர அவருக்கு உதவியது புதிய கருவி அல்ல. இடமும் நேரமும் குறித்த பழைய தாள்கள்.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். அந்தக் கிறுக்கல்களை வைத்தே அவர் முடிவு சொல்லிவிடவில்லை. தாளை வேகமாக ஓடவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்குள் அந்தச் சமிக்ஞை மங்கிவிட்டது. காத்திருந்து, நவம்பர் 28ஆம் திகதி வேகப் பதிவில் அதைப் பிடித்தபோது, ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலான ஒழுங்கான இடைவெளியில் துடிப்புகள் வரிசையாக விழுந்தன. ஓகஸ்ட் தாள் கேள்வியைத் தந்தது. நவம்பர் தாள் விடையைத் தந்தது. டிசம்பரில் வானத்தின் வேறொரு பகுதியில் இரண்டாவது கிறுக்கலைக் கண்டபோதும் முதலில் செய்தது அந்தப் பகுதியின் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்ததுதான். அங்கும் சில நாட்களில் அது இருந்தது. 1968 பெப்ரவரி 24ஆம் திகதி 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. துடிவிண்மீன்கள் என்று இன்று நாம் அறிபவை அப்படித்தான் கண்டறியப்பட்டன.

அத்தனைக்கும் பெல் தன் ஆய்வேட்டின் தலைப்பை மாற்றவில்லை. அது மினுக்கும் வானொலி முதல்களைப் பற்றியதாகவே நின்றது. துடிவிண்மீன்கள் பின்னிணைப்பில் இடம்பெற்றன. தலைப்பை மாற்ற அப்போது காலம் கடந்துவிட்டது என்பதே காரணம். இந்த விடயத்தை நான் இரண்டு முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாக் கண்டுபிடிப்பும் தலைப்பு மாற்றத்துக்குக் காரணம் ஆகாது. மூன்றில் இரண்டு பங்கு வேலை முடிந்த பிறகு புதிதாக ஒன்று கண்ணில் பட்டால், பழைய கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் புதியதைப் பின்னிணைப்பில் வைப்பது நேர்மையான வழி. அந்த முடிவையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்: "இதைக் கண்டேன், இந்த நாளில் கண்டேன், இந்தக் காரணத்தால் தலைப்பை மாற்றவில்லை." மாற்றாததற்கும் நியாயம் வேண்டும்.

பிரித்தானியாவில் உயர்தர மாணவர்களுக்கு விரிவுச் செயற்திட்டம் என்று ஒரு தகைமை உண்டு. ஒரு உயர்தரப் பாடத்தின் பாதிப் பெறுமதி அதற்கு. ஏ.கியூ.ஏ. என்ற பரீட்சைச் சபை நடத்தும் அந்தத் தகைமையில் அறிக்கையோடு சேர்த்து ஒரு பதிவேட்டையும் ஒப்படைக்க வேண்டும். ஆரம்ப எண்ணங்களுக்கு ஒரு பக்கம், திட்டமிடலை மீளப் பார்க்க ஒரு பக்கம், நடுவழியில் மீளப் பார்க்க ஒரு பக்கம் என்று அது பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தப் புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு வேலையை நடத்திச் சென்ற விதத்துக்கு. தலைப்பு மாறியது என்பதற்காக அங்கே யாரும் புள்ளி இழப்பதில்லை. மாறியதற்குப் பதிவேட்டில் தடயம் இல்லாவிட்டால் இழப்பார். நம் பாடசாலைகளில் அந்த முறையை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று சொல்லமாட்டேன். அச்சிட்ட படிவம் கையில் கிடைத்தால் கட்டங்களை நிரப்பினால் போதும் என்ற மனநிலை பிள்ளைகளுக்கு வந்துவிடும். ஆரம்ப எண்ணங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கணினியிலோ கைபேசியிலோ எழுதலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எழுதலாம், ஒரு நிபந்தனையோடு. எழுதியதை அழித்துத் திருத்தி எழுதினால் பழையது மறைந்துபோகும் முறை உதவாது. பழைய வடிவங்களைத் திகதியோடு சேமித்து வைக்கும் பகிர்வு ஆவணம் ஒன்றில் எழுதி, ஆசிரியரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொப்பியாக இருந்தால் தவறான வரியை ஒற்றைக் கோட்டால் வெட்டுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். வெட்டிய வரியை வாசிக்க முடிய வேண்டும். கைபேசியில் எடுத்த படங்களுக்குத் திகதியும் நேரமும் தானாகவே பதியும். ஆனால் படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பது பதியாது. அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

குறிப்பேட்டுக்கு எல்லையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக நடந்தவன் ஆகமாட்டேன். நல்ல குறிப்பேடு கெட்ட மாற்றத்தை நல்ல மாற்றம் ஆக்காது. "இது கஷ்டமாக இருக்கிறது, நண்பர்கள் எல்லோரும் கருத்துக்கணிப்புச் செய்கிறார்கள், நானும் அதையே செய்யப்போகிறேன்" என்று ஒருவர் திகதியோடு எழுதினால் அது நேர்மையான குறிப்புத்தான், ஆனால் நியாயம் ஆகாது. குறிப்பேடு அந்த வரியை அவருக்கே காட்டும். அதைப் பார்த்துச் சிலர் பழைய தலைப்புக்கே திரும்பிப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதும் இல்லை. நாளுக்கு ஐந்து வரி போதும்: செய்தது, கண்டது, விளங்காதது, அடுத்தது, நேரம். ஐந்து பக்கம் எழுதத் தொடங்கும் பிள்ளை அநேகமாக மூன்றாவது கிழமையில் நிறுத்திவிடும்.

ஆசிரியர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. குறிப்பேட்டின் அழகுக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிள்ளைகள் நல்ல கொப்பிக்குத் திருப்பி எழுதுவார்கள், மூலம் குப்பைக்குப் போய்விடும். தலைப்பு மாறும் நாளில் அந்தப் பக்கத்திலேயே, அன்றைய திகதியிலேயே கையொப்பமிடுங்கள். தவணை முடிவில் மொத்தமாக இடும் கையொப்பம் எதற்கும் சாட்சி ஆகாது. மூன்றாவது, தலைப்பு இன்னும் முடிவாகாத பிள்ளையிடமும் அடுத்த கிழமையே ஒரு கொப்பியைக் கொடுங்கள், "என்ன எழுதுவது, இன்னும் தலைப்பே இல்லையே" என்று அது கேட்டால், அந்த வசனத்தையே திகதியோடும் நேரத்தோடும் முதற்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.